முன்பணம், திருத்தம், தாமதம்: வடிவமைப்பாளர் சுயவிவரத்தில் இவற்றைச் சொல்லும் பகுதியைத் திருத்தி எழுதும் முறை

சுங்கை சிப்புட்டில் என் அறைக்குச் சென்ற மாதம் ஒரு தங்கை வந்தாள். தோட்டத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்த குடும்பம். அப்பாவுக்குச் செம்பனை ஆலையில் வேலை. அவள் இரண்டு ஆண்டுகளாக வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை, கோயில் பேனர், திருவிழா மலர் என்று வடிவமைத்துக் கொடுக்கிறாள். கைப்பேசியில் தன் சுயவிவரப் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, இந்த நிபந்தனைகளைப் போட்டிருக்கும்போது விலை கேட்டவர்கள் திரும்பிப் பேசுவதில்லை. எடுத்துவிட்டால் வேலை வருகிறது, பணம் வருவதில்லை. நான் என்ன செய்வது?"

அந்தப் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்:

> நிபந்தனைகள்: 50% முன்பணம் கட்டாயம், திருப்பித் தரப்படாது. இரண்டு திருத்தங்கள் மட்டுமே. பணம் தாமதமானால் நாளொன்றுக்கு 10% அபராதம். சம்மதம் உள்ளவர்கள் மட்டும் தொடர்பு கொள்ளவும்.

அவள் கேட்பதில் நியாயமில்லாதது அந்த அபராதம் ஒன்றுதான். முன்பணமும் திருத்த வரம்பும் தேவையானவை. ஆனால் பணம் கொடுத்தால் வாடிக்கையாளருக்கு என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்று இந்த நான்கு வரிகளில் எங்கும் இல்லை. வாடிக்கையாளர் செய்ய வேண்டியவையும் அவருக்கு விழப்போகும் தண்டனையும்தான் இருக்கின்றன. அன்று மாலை நாங்கள் இருவரும் உட்கார்ந்து அதைத் திருத்தி எழுதினோம். எழுதிய வரிசையிலேயே இங்கே சொல்கிறேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் தங்கள் வேலைக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் பழைய வேலைகளை எண்ணுங்கள்

எழுத உட்காருவதற்கு முன் கடைசியாக முடித்த பத்து வேலைகளை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் போதும்: பேசிய விலை, எத்தனை சுற்றுத் திருத்தம் நடந்தது, கடைசிக் கோப்பு போன நாள், கடைசிப் பணம் வந்த நாள். வாட்ஸ்அப்பைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தால் எல்லாம் கிடைத்துவிடும். அவளுக்கு அரை மணி நேரம் பிடித்தது.

பத்தில் ஏழு வேலைகள் இரண்டு சுற்றில் முடிந்திருந்தன. இரண்டு வேலைகளுக்கு மூன்று சுற்று. ஒரே ஒரு திருவிழா மலர் மட்டும் ஒன்பது சுற்று போயிருந்தது. பணத்தில் இன்னொன்று தெரிந்தது. தாமதமான நான்கிலும் பணத்துக்கு முன்பே கோப்பு போயிருந்தது. கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு பணத்துக்குக் காத்திருந்த ஆறிலும் பணம் ஒரு வாரத்துக்குள் வந்திருந்தது. இதைப் பார்த்த பிறகு அபராதத்தைப் பற்றி நான் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. எந்த இடத்தில் பணம் நழுவுகிறது என்று அவளே விரலை வைத்துக் காட்டினாள்.

திருத்த வரம்பை இந்தத் தாளிலிருந்துதான் எடுக்க வேண்டும். பெரும்பாலான வேலைகள் இயல்பாக எந்தச் சுற்றில் முடிகின்றனவோ, அதுவே உங்கள் வரம்பு. அவளுக்கு இரண்டு. பெரும்பாலான வேலைகள் மூன்றில் முடிகிற ஒருவர், மற்றவர்களைப் பார்த்து இரண்டு என்று எழுதினால், ஒவ்வொரு வேலையிலும் கூடுதல் பணம் கேட்டு மனக்கசப்புதான் மிஞ்சும்.

பணத்தை வேலையின் படிகளோடு கட்டுங்கள்

"50% முன்பணம் கட்டாயம்" என்பதை எடுத்துவிட்டு, வேலை தொடங்கும் நாளில் பாதி, அச்சுக்குப் போகும் கோப்பைப் பெறும் நாளில் மீதிப் பாதி என்று எழுதினோம். கணக்கு அதேதான். ஆனால் இப்போது ஒவ்வொரு தொகைக்கும் எதிரே வாடிக்கையாளர் பெறுகிற ஒரு பொருள் நிற்கிறது. முன்பணம் கொடுத்தால் வேலை தொடங்குகிறது. மீதியைக் கொடுத்தால் கோப்பு கைக்கு வருகிறது. கட்டாயம் என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

"வேலை முடிந்ததும் மீதிப் பணம்" என்று பலர் எழுதுகிறார்கள். அந்த வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் அடித்துவிடுங்கள். வேலை எப்போது முடிந்தது என்பதில் இரண்டு பேருக்கும் இரண்டு கருத்து இருக்கும். நீங்கள் கோப்பை அனுப்பியதும் முடிந்தது என்பீர்கள். மலர் அச்சாகி, மேடையில் வெளியிடப்பட்டு, நன்கொடைக் கணக்கு முடிந்த பிறகுதான் முடிந்தது என்பார் கோயில் பொருளாளர். பணம் எப்போது தர வேண்டும் என்பதை இருவரும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலோடு, அல்லது காலண்டரில் உள்ள ஒரு தேதியோடு கட்ட வேண்டும்.

இதை நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். தொழில் தொடங்கிய மூன்றாம் ஆண்டு ஒரு கோயிலுக்கு 40 பக்க மலர் செய்தேன். பேசிய தொகை 900 வெள்ளி, முழுவதும் "முடிந்ததும்" என்ற ஒரே சொல்லில். பதினோரு சுற்றுத் திருத்தம் செய்தேன். திருவிழா முடிந்தது, மலர் எல்லார் வீட்டிலும் இருந்தது. ஏழு மாதம் கழித்து 500 வெள்ளி வந்தது. மீதியைக் கேட்கப் போனபோது நிர்வாகம் மாறியிருந்தது. புதிய நிர்வாகத்துக்கு அந்தப் பேச்சே தெரியாது. யாரும் என்னை ஏமாற்றத் திட்டமிட்டதாக நான் நினைக்கவில்லை. என்னிடம் எழுத்தில் ஒரு தேதிகூட இல்லை.

முன்பணத்தைத் திருப்பித் தருவது பற்றியும் ஒரு வரி வேண்டும். "திருப்பித் தரப்படாது" என்று மட்டும் இருந்தால், முன்பின் தெரியாத ஒருவரிடம் பணத்தை அனுப்பப் போகிறவருக்குப் பயம்தான் வரும். முதல் மாதிரியை அனுப்புவதற்கு முன் வேலையை நிறுத்தினால் முன்பணத்தில் பாதி திரும்பும், மாதிரி போன பிறகு திரும்பாது என்று எழுதினோம். மாதிரிக்கு முன்பாக நிறுத்துகிறவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருக்காகச் சொன்ன ஒரு வரி, மற்ற எல்லாரும் டுயிட்நவ் வழியாகத் தயங்காமல் பணம் அனுப்ப உதவுகிறது.

கல்யாண வீடுகளுக்குப் பணம் தரும் தேதி வைக்கும்போது சம்பள நாளைப் பாருங்கள். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும். ஆகவே தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்கிற குடும்பத்துக்கு மாதத்தின் 10ஆம் தேதி கையில் பணம் இருக்கும். 25ஆம் தேதி இருக்காது. 25ஆம் தேதி வைத்துவிட்டு 28ஆம் தேதி நினைவூட்டுவதைவிட, முதலிலேயே 10 என்று வைப்பது இருவருக்கும் நல்லது.

பள்ளிகள் வேறு கணக்கு. அரசாங்க ஒதுக்கீட்டில் பணம் தருகிற பள்ளி முன்பணம் தர இயலாது என்று சொல்லும். அதை நம்பிக்கையின்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்பணத்துக்குப் பதிலாக, பள்ளி எழுத்தில் தருகிற கொள்முதல் ஆணையான, விலை குறிப்பிட்ட எல்.ஓ. கடிதம் கைக்கு வந்த பிறகே தொடங்குவேன் என்று எழுதுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் தருவதாக இருந்தால் வழக்கமான பாதிப் பாதி முறையே சரிப்படும்.

ஒரு சுற்று என்றால் என்ன என்று சொல்லுங்கள்

"இரண்டு திருத்தங்கள் மட்டுமே" என்ற வரியில்தான் பெரும்பாலான சண்டைகள் பிறக்கின்றன. ஒரு பெயரில் உள்ள எழுத்தை மாற்றினால் ஒரு திருத்தமா? அட்டைப்படத்தையே மாற்றச் சொன்னாலும் ஒரு திருத்தம்தானா? காலையில் தலைவர் ஒன்று சொல்லி, மத்தியானம் செயலாளர் வேறொன்று சொன்னால் அது ஒன்றா இரண்டா? சுயவிவரம் இதற்குப் பதில் சொல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் பேசித் தீர்க்க வேண்டும்.

அதனால் திருத்தம் என்ற சொல்லைத் தனியாக விடாமல் "சுற்று" என்று சொல்லி, அதற்குப் பொருள் கொடுத்தோம். வாடிக்கையாளர் பக்கத்தில் ஒருவர், எல்லார் கருத்தையும் சேர்த்து, ஒரே பட்டியலாக அனுப்புவது ஒரு சுற்று. பட்டியலில் மூன்று மாற்றம் இருந்தாலும் முப்பது இருந்தாலும் ஒரு சுற்றுதான். இது வாடிக்கையாளருக்குத் தாராளமாகத் தெரியும், உண்மையிலேயே தாராளமும்கூட. ஒரே உட்காருதலில் முப்பது மாற்றம் செய்வது, முப்பது தடவை கோப்பைத் திறந்து மூடுவதைவிட மிகக் குறைந்த வேலை.

"ஒருவர்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அந்த ஒன்பது சுற்று மலரைத் திறந்து பார்த்தோம். ஐந்து பேர் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். நான்காம் சுற்றில் தலைவரின் வாழ்த்துரை மூன்றாம் பக்கத்துக்குப் போனது. ஆறாம் சுற்றில் அது ஐந்தாம் பக்கத்துக்கு வந்தது, எட்டில் மறுபடியும் மூன்றாம் பக்கத்துக்குப் போனது. ஐந்து பேரும் ஒரே நிர்வாகத்தில் இருந்தாலும் ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியவில்லை. யார் பேசுவது என்று வேலை தொடங்கும்போதே பெயர் குறித்துக்கொண்டால் இதில் பாதி நடந்திருக்காது.

உங்கள் தவறுக்கு வாடிக்கையாளரின் சுற்றை எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் சரியாக எழுதிக் கொடுத்த பெயரை நீங்கள் தவறாக அடித்தால், எத்தனை முறையானாலும் கட்டணமின்றித் திருத்துவதாக எழுதுங்கள். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் ஒரு கால் விட்டுப்போனால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். இந்த ஒரு வரி இருந்தால், திருத்த வரம்பை வாடிக்கையாளர் எளிதாக ஏற்றுக்கொள்கிறார். வரம்பு தன்னைச் சிக்க வைக்க வந்ததல்ல என்று அவருக்குப் புரிகிறது.

மூன்றாம் சுற்றின் விலையையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். "கூடுதல் கட்டணம் உண்டு" என்று மட்டும் எழுதினால், எவ்வளவோ என்ற பயத்திலேயே ஆள் போய்விடுவார். அவள் ஒரு மணி நேரத்துக்கு 30 வெள்ளி கணக்கு வைக்கிறாள். மலரில் ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம், பத்திரிகையில் ஒரு மணி, பேனரில் அரை மணி. ஆகவே 60, 30, 15 வெள்ளி. இதை மணிக்கணக்காக எழுத வேண்டாம். வேலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று வாடிக்கையாளரால் மதிப்பிட முடியாது. சுற்றுக்கு இவ்வளவு என்று சொன்னால் அவர் உடனே முடிவெடுப்பார்.

மலருக்கு மட்டும் கூடுதலாக ஒரு விதி வைத்தோம். நன்கொடையாளர் பெயர்கள் கடைசி நாள் வரை வந்துகொண்டே இருக்கும். இது எந்தக் கோயிலிலும் மாறாது, மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. அதனால் இரண்டு சுற்றுக்கும் வெளியே, பெயர்ப் பட்டியலுக்கு மட்டும் கட்டணமில்லாத ஒரு வாய்ப்பு ஒதுக்கி, அதற்குக் கடைசித் தேதி குறித்தோம். பட்டியல் பக்கங்களை மலரின் கடைசியில் வைத்துவிட்டால் பெயர் கூடினாலும் மற்ற பக்கங்கள் நகராது.

தாமதத்துக்கு எது விளைவு

நாளொன்றுக்கு 10% என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். மீதித் தொகை 450 வெள்ளி என்றால் ஒரு நாளைக்கு 45 வெள்ளி. பத்தாம் நாளில் கடன் 900 ஆகிவிடும். இதை யாரும் கட்டப்போவதில்லை, அவளும் போய் வாங்கப்போவதில்லை. நீதிமன்றம் வரை போனாலும் அது கிடைக்காது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எந்தத் தொகை எழுதியிருந்தாலும், அதற்கு மேற்போகாத நியாயமான இழப்பீட்டைத்தான் தருகிறது. வாங்க முடியாத அந்தத் தொகைக்காக அவள் இவ்வளவு நாள் நல்ல வாடிக்கையாளர்களை இழந்துகொண்டிருந்தாள்.

விளைவு என்பது நீங்கள் ஒருவரே, யாரையும் கேட்காமல் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். வேலையை நிறுத்தி வைப்பது அப்படிப்பட்டது. கோப்பைக் கொடுக்காமல் வைத்திருப்பதும் அப்படித்தான். அதனால் வரிசையை இப்படி வைத்தோம்: குறித்த நாளில் பணம் வராவிட்டால் வேலை அதே இடத்தில் நிற்கும், பணம் வந்த மறுநாள் தொடரும், நின்ற நாள்கள் அச்சு நாளோடு கூடும். முப்பது நாள் கடந்தால் கோப்பு ஒதுக்கி வைக்கப்படும், மீண்டும் எடுக்க 50 வெள்ளி. அந்த 50 தண்டனைக்காக வைத்ததல்ல. பழைய கோப்பைத் தேடி, எழுத்துருவைச் சரிபார்த்து, எங்கே விட்டோம் என்று பார்ப்பதற்கே அவ்வளவு நேரம் ஆகும். யாராவது கேட்டால் அப்படியே விளக்கிச் சொல்ல முடிகிற தொகையாக இருக்க வேண்டும்.

இது வேலை செய்ய வேண்டுமானால், பணம் வருவதற்கு முன் நீங்கள் அனுப்புவது அச்சிட முடியாத மாதிரியாக இருக்க வேண்டும். குறைந்த தெளிவில், பக்கத்தின் குறுக்கே உங்கள் பெயர் ஓடுகிற படம் போதும். அந்த ஒன்பது சுற்று மலருக்கு அவள் ஒவ்வொரு சுற்றிலும் அச்சுத்தரமுள்ள பிடிஎஃப் அனுப்பியிருந்தாள். எட்டாம் சுற்றில் வந்ததையே அவர்கள் அச்சகத்தில் கொடுத்திருந்தால் அது அவளுக்குத் தெரிந்தே இருக்காது.

எல்.ஓ. வைத்து வேலை செய்கிற பள்ளிக்கும் மாதக் கணக்கில் வேலை தருகிற கடைக்கும் கோப்பு முன்பே போய்விடும். அங்கே நிறுத்தி வைக்க எதுவும் இல்லை. அவர்களுக்கு மட்டும், குறித்த தேதிக்குப் பிறகு மாதம் 1% என்று வைக்கலாம். 900 வெள்ளிக்கு அது 9 வெள்ளி. பெரிய தொகை இல்லை. ஆனால் அடுத்த பில்லில் அந்த 9 வெள்ளி ஒரு தனி வரியாகத் தெரியும்போது கடைக்காரர் தேதியைக் கவனிக்கத் தொடங்குவார். அடுத்த வேலையைத் தொடங்க, முந்தைய பில் கட்டியிருக்க வேண்டும் என்ற வரி அதைவிடவும் உதவும்.

இனி, வடிவமைப்பவர்களில் பெரும்பாலோர் அறியாத ஒன்று. மலேசியாவில் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டதால் செய்து கொடுத்த படைப்பின் பதிப்புரிமை, கேட்டவருக்கே மாறிவிட்டதாகக் கொள்கிறது. இருவரும் வேறு விதமாகப் பேசியிருந்தால்தான் இது மாறும். அதாவது நீங்கள் எதுவும் எழுதாவிட்டால், பணம் தராதவருக்கும் உரிமை போய்விடக்கூடும். "என் படைப்பு, பணம் தரும்வரை எனக்கே சொந்தம்" என்று மனதில் நினைத்துக்கொண்டிருப்பது போதாது. முழுப் பணமும் வந்த நாளில்தான் பதிப்புரிமை மாறும் என்ற ஒரே வரியை எழுதுங்கள். அதை மிரட்டலாக எழுத வேண்டாம். "முழுப் பணம் வந்த நாளில் வடிவமைப்பின் உரிமை உங்களுடையது" என்று எழுதினால், அதே பொருளை வாடிக்கையாளர் தமக்குக் கிடைக்கும் ஒன்றாகப் படிப்பார். ஆனால் "அதுவரை என்னிடமே" என்பதையும் சேர்த்துவிடுங்கள். சட்டத்துக்கு அந்தப் பாதிதான் தேவை.

திருத்திய பகுதி

தலைப்பை "நிபந்தனைகள்" என்பதிலிருந்து "வேலை நடக்கும் விதம்" என்று மாற்றினோம். அவள் பக்கத்தில் இப்போது இருப்பது இது:

> வேலை நடக்கும் விதம்
>
> வேலை தொடங்கும் நாளில் பாதிப் பணம்; அச்சுக்கான கோப்பைப் பெறும் நாளில் மீதிப் பாதி. அதுவரை மாதிரிப் படங்களைப் பார்த்துத் திருத்தம் சொல்லலாம். முதல் மாதிரிக்கு முன் வேலையை நிறுத்தினால் முன்பணத்தில் பாதியைத் திருப்பித் தருவேன். மாதிரி அனுப்பிய பிறகு முன்பணம் திரும்பாது.
>
> விலையில் இரண்டு சுற்றுத் திருத்தம் அடங்கும். உங்கள் பக்கத்தில் ஒருவர் எல்லார் கருத்தையும் சேர்த்து ஒரே பட்டியலாக அனுப்புவது ஒரு சுற்று. நான் செய்த எழுத்துப்பிழையை எத்தனை முறையானாலும் கட்டணமின்றித் திருத்துவேன். மூன்றாம் சுற்றிலிருந்து பேனருக்கு 15, பத்திரிகைக்கு 30, மலருக்கு 60 வெள்ளி. உங்களைக் கேட்டுவிட்டே தொடங்குவேன். புதிதாக வேறு வடிவமைப்பு கேட்டால் அது புதிய வேலை.
>
> குறித்த நாளில் பணம் வராவிட்டால் வேலையை அங்கேயே நிறுத்தி, பணம் வந்த மறுநாள் தொடர்வேன். நின்ற நாள்கள் அச்சு நாளோடு கூடும். 30 நாள் கடந்தால் கோப்பை மீண்டும் எடுக்க 50 வெள்ளி. முழுப் பணம் வந்த நாளில் வடிவமைப்பின் பதிப்புரிமை உங்களுடையது. அதுவரை என்னிடமே இருக்கும்.

இதை விலைப்பட்டியலுக்கு மேலே வைக்கச் சொன்னேன். முன்பு பக்கத்தின் அடியில், தொலைபேசி எண்ணுக்குக் கீழே இருந்தது. விலையைப் பார்த்து மனதைச் சமாதானப்படுத்திக்கொண்ட பிறகு நிபந்தனை கண்ணில் பட்டால், கூடுதலாக ஏதோ கேட்பதுபோல் இருக்கும். வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டு விலைக்கு வந்தால் அந்த விலையே நியாயமாகத் தெரியும். இதையே மலாயிலும் ஒரு படி எழுதி வைக்க வேண்டும். டவுனில் பேனர் கேட்கிற கடைக்காரர்களில் தமிழ் படிக்காதவர்களும் இருக்கிறார்கள்.

அப்வொர்க், ஃபைவர் போன்ற தளங்களில் சுயவிவரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அங்கே பணம் தளத்தின் வழியாகத்தான் போகும், தாமதத்துக்கும் தளத்தின் விதிகளே செல்லும். அங்கே முன்பணம், வட்டி என்று எழுதாதீர்கள். ஃபைவரில் திருத்த எண்ணிக்கையைத் தொகுப்புக்கான கட்டத்திலேயே நிரப்பலாம். சுற்று என்றால் என்ன என்ற விளக்கம் மட்டும் அங்கேயும் அப்படியே பயன்படும்.

படித்தாரா, ஏற்றாரா

சுயவிவரத்தில் இருப்பதாலேயே வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார் என்று ஆகாது. பலர் அந்தப் பக்கத்தையே பார்க்காமல், யாரோ கொடுத்த எண்ணை வைத்துப் பேசுவார்கள். விலை பேசும்போது, முன்பணம் வருவதற்கு முன்னால், அதன் சுருக்கத்தை அந்த வேலையின் தேதிகளோடு வாட்ஸ்அப்பில் அனுப்பி, சம்மதம் என்று ஒரு பதில் வாங்க வேண்டும். முன்பணம் வந்த பிறகு அனுப்பினால், பேசி முடித்த ஒப்பந்தத்தில் நீங்கள் புதிதாக எதையோ நுழைக்கிறீர்கள். 2006ஆம் ஆண்டு மின்னியல் வாணிபச் சட்டப்படி மின்னியல் செய்தி வழியாகவும் ஒப்பந்தம் உருவாகலாம். ஆகவே அந்த ஒரு சொல் பதிலுக்கு மதிப்பு உண்டு.

திருத்திய பிறகு அவளுக்கு வந்த முதல் பெரிய வேலையும் ஒரு திருவிழா மலர்தான், 36 பக்கம், 900 வெள்ளி. திருவிழா அடுத்த மாதம் 28ஆம் தேதி. அச்சகம் பத்து நாள் கேட்டது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினோம். அனுப்பிய செய்தி இதுதான்:

> வணக்கம் அண்ணா. 36 பக்க மலர், 900 வெள்ளி. தொடங்கும் நாளில் 450. முதல் மாதிரி 2ஆம் தேதி. முதல் சுற்றுப் பட்டியல் 6ஆம் தேதிக்குள், இரண்டாவது 12ஆம் தேதிக்குள், நீங்கள் ஒருவரே அனுப்பவும். நன்கொடையாளர் பெயர்கள் 15ஆம் தேதி இரவு வரை. மீதி 450 வெள்ளி 17ஆம் தேதி. அச்சுக்கோப்பு 18ஆம் தேதி அச்சகத்துக்கு. பணமோ பட்டியலோ தள்ளிப்போனால் அச்சு நாளும் அத்தனை நாள் தள்ளிப்போகும். முழு விவரம் இணைப்பில் இருக்கிறது. சரி என்றால் "சம்மதம்" என்று பதில் அனுப்பவும்.

இணைப்பில் போனது சுயவிவரப் பகுதியின் படம், தேதியோடு. பக்கத்தின் முகவரியை மட்டும் அனுப்பக் கூடாது. நாளைக்கு நீங்கள் ஒரு எண்ணை மாற்றினால், அன்று அவர் பார்த்தது எது என்று காட்ட வழியிருக்காது. ஒவ்வொரு முறை திருத்தும்போதும் பழைய படியைத் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் வராமல் போகலாம். அதற்கு மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை நடைமுறை இருக்கிறது. 5,000 வெள்ளி வரையிலான தொகைக்குத் தனிமனிதர் ஒருவர், வழக்கறிஞர் வைக்காமல், 198ஆம் எண் படிவத்தை நிரப்பிக் கோரலாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்வார்கள். அது பொருளோ சேவையோ வாங்கியவருக்கானது, விற்ற நமக்கு உதவாது. ஒப்பந்தக் கடனுக்கு ஆறு ஆண்டு வரை வழக்குத் தொடரலாம். ஆனாலும் "சம்மதம்" என்ற பதில், பட்டியல்கள், கோப்பு போன தேதி ஆகியவற்றை அன்றன்றே சேமித்து வையுங்கள். கைப்பேசி மாறினால் உரையாடல் போய்விடும்.

கோயில் செயலாளர் அந்தச் செய்திக்கு அன்றிரவே பதில் அனுப்பவில்லை. மறுநாள் காலையில் அழைத்தார். அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அவர் விலையைப் பற்றியும் முன்பணத்தைப் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை.

"தங்கச்சி, பெயர் கொடுக்க 15ஆம் தேதி இரவு என்று போட்டிருக்கிறாய். 16ஆம் தேதி மதியம் வரை கொடுப்பாயா? அன்று காலை பூசைக்கு வருகிறவர்களில் சிலர் எழுதுவார்கள்."

அவள் தேதிகளைப் பார்த்தாள். பட்டியல் பக்கங்கள் கடைசியில்தான் இருந்தன. பணம் 17ஆம் தேதி. கொடுக்கலாம் என்றாள். 16ஆம் தேதி மதியம் 12 மணி என்று மாற்றி மறுபடியும் அனுப்பினாள். பத்து நிமிடத்தில் "சம்மதம்" வந்தது, அதற்குப் பின்னாலேயே 450 வெள்ளி அனுப்பியதற்கான ரசீதும் வந்தது.